இரண்டாம் விதியின் இரு கூற்றுகளும் சமவலுவானவை என நிறுவும்போது நேரும் தவறுகள்

வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைப் பாடநூல்கள் இரண்டு விதமாகக் கூறுகின்றன. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்வதையே ஒரே விளைவாகக் கொண்ட, சுற்று முறையில் இயங்கும் பொறி இருக்க முடியாது என்பது கிளௌசியஸ் கூற்று. ஒரே ஒரு வெப்பத்தேக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்து அதை முழுவதும் வேலையாக மாற்றுவதையே ஒரே விளைவாகக் கொண்ட, சுற்று முறையில் இயங்கும் பொறி இருக்க முடியாது என்பது கெல்வின்–பிளாங்க் கூற்று. அப்போது வில்லியம் தொம்சன் என்ற பெயரோடு இருந்த கெல்வின், இவ்விரு கருத்துகளும் வடிவத்தில் வேறுபட்டாலும் ஒன்றிலிருந்து மற்றது பெறப்படும் என்பதை 1851 இலேயே எழுதிவிட்டார். ஒரு கூற்றை மீறும் பொறியொன்றைக் கற்பனை செய்து, அதனுடன் சாதாரணப் பொறியொன்றை இணைத்து, மற்றக் கூற்றும் மீறப்படுவதைக் காட்டுவதே வழக்கமான நிறுவல். கொழும்பில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள் எழுதும் விடைகளைப் படிக்கும்போது, இரண்டு தேக்கங்களும் இரண்டு வட்டங்களும் கொண்ட அந்தப் படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கக் காண்கிறேன். தவறுகள் படத்தின் கீழே எழுதப்படும் வரிகளில்தான் நிகழ்கின்றன.

முதலாவது, கூற்றுகளையே குறைத்து எழுதுவது. “குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் செல்லாது” என்று மட்டும் எழுதினால், வீட்டிலுள்ள ஒவ்வொரு குளிரேற்றியும் அந்தக் கூற்றை மீறிவிடும். “வெப்பம் முழுவதும் வேலையாக மாறாது” என்று எழுதுவதும் அவ்வாறே பிழையாகும். இலட்சிய வாயுவொன்றை மாறா வெப்பநிலையில் மெதுவாக விரியவிட்டால், அது தேக்கத்திலிருந்து எடுக்கும் வெப்பம் முழுவதும் வேலையாகவே வெளிவருகிறது. ஆனால் முடிவில் வாயு விரிந்த நிலையில் நிற்கிறது. தொடக்க நிலைக்குத் திரும்பவில்லை. குளிரேற்றியிலோ வெளியிலிருந்து வேலை உட்செலுத்தப்படுகிறது. ஆகவே “ஒரே விளைவு”, “சுற்று முறை” என்னும் இரண்டு சொற்றொடர்களும் கூற்றுகளின் உயிர்நாடி. இணைத்த தொகுதி எதை மீறுகிறது என்று முடிவு செய்யும் இடத்தில் இந்த இரண்டையும் கொண்டே அளக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் விட்டவர் இறுதியில் தடுமாறுவார்.

இரண்டாவது, தர்க்கத்தின் திசை. கிளௌசியஸ் கூற்றை மீறும் பொறியிலிருந்து தொடங்கி, கெல்வின் கூற்று மீறப்படுவதைக் காட்டினால், கெல்வின் கூற்று மெய்யானால் கிளௌசியஸ் கூற்றும் மெய் என்பது மட்டுமே கிடைக்கிறது. எதிர்த்திசையை வேறாக நிறுவாமல் “எனவே இரண்டும் சமவலுவானவை” என்று முடிப்பவர் பாதி வேலையையே செய்திருக்கிறார். இன்னும் சிலர் நிறுவலின் நடுவில் “இத்தகைய பொறி சாத்தியமில்லை” என்று எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது சாத்தியமில்லை என்பதை அந்த இடத்தில் நாம் அறியோம். அது இருக்கிறது என்று கொண்டு, அதன் விளைவுகளை இறுதிவரை பின்தொடர வேண்டும். அது மீறுவது இரண்டாம் விதியை மட்டுமே என்பதையும் மறத்தலாகாது. சக்திக் காப்பு அந்தக் கற்பனைப் பொறிக்கும் உண்டு.

மிக அதிகமாகத் தவறும் இடம் அளவுகளைப் பொருத்துவது. இதை எண்களைக் கொண்டு பார்ப்போம். 500 கெல்வினில் ஒரு கொதிகலன் சூடான தேக்கமாகவும், காலிமுகத்திடலை அடுத்துள்ள கடல் ஏறத்தாழ 300 கெல்வினில் குளிர்ந்த தேக்கமாகவும் இருக்கட்டும். நம்மிடம் உள்ள சாதாரண எஞ்சின் ஒரு சுற்றில் கொதிகலனிலிருந்து 100 யூல் வெப்பத்தை எடுத்து, 25 யூல் வேலை செய்து, 75 யூலைக் கடலில் விடுகிறது. கிளௌசியஸ் கூற்றை மீறும் கற்பனைப் பொறி ஒரு சுற்றில் கடலிலிருந்து 60 யூலை எடுத்து, வேலை எதுவும் பெறாமல், அந்த 60 யூலையும் கொதிகலனுக்குக் கொடுக்கிறது என்போம். இரண்டையும் ஒவ்வொரு சுற்று ஓடவிட்டு, “இப்போது கெல்வின் கூற்று மீறப்பட்டது” என்று எழுதுவதே நான் குறிப்பிடும் தவறு. கணக்கைப் பாருங்கள். கொதிகலன் 100 யூலை இழந்து 60 யூலைத் திரும்பப் பெறுவதால் அதன் நிகர இழப்பு 40 யூல். கடல் 75 யூலைப் பெற்று 60 யூலை இழப்பதால் அதன் நிகர வரவு 15 யூல். வெளிவந்த வேலை 25 யூல். இந்தத் தொகுதி சூடான தேக்கத்திலிருந்து வெப்பம் எடுத்து, ஒரு பகுதியை வேலையாக்கி, மிச்சத்தைக் குளிர்ந்த தேக்கத்தில் விடுகிறது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், கெல்வின் கூற்று தடுக்கும் எதையும் அது செய்யவில்லை.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, 40 யூலுக்கு 25 யூல் என்றால் திறன் 62.5 வீதம், இந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையே கார்னோ எல்லை 40 வீதம், ஆகவே முரண்பாடு வந்துவிட்டது என்பார். எண்கள் சரியானவை, வாதம் செல்லாது. எந்த எஞ்சினும் கார்னோ எஞ்சினை விஞ்ச முடியாது என்னும் தேற்றமே இவ்விரு கூற்றுகளில் ஒன்றைக் கொண்டுதான் நிறுவப்படுகிறது. அதை இங்கே பயன்படுத்தினால் நிறுவ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். எந்திரோபி கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட்டு முடிப்பதற்கும் இதே குறை உண்டு. அந்தக் கணியமும் கிளௌசியஸ் இந்த விதியிலிருந்து பெற்று, 1865 இல் பெயரிட்ட ஒன்றே.

சரியான வழி, கடலின் நிகர மாற்றம் பூச்சியமாகும்படி சுற்றுகளைப் பொருத்துவது. கற்பனைப் பொறி 5 சுற்றுகளில் கடலிலிருந்து 300 யூலை எடுக்கிறது. எஞ்சின் 4 சுற்றுகளில் கடலுக்கு அதே 300 யூலைக் கொடுக்கிறது. கடலுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. கொதிகலன் எஞ்சினுக்கு 400 யூல் கொடுத்து 300 யூலைத் திரும்பப் பெறுவதால் 100 யூலை இழக்கிறது, எஞ்சின் செய்த வேலையும் 4 × 25 = 100 யூல். இரண்டு பொறிகளும் முழுச் சுற்றுகளை முடித்துத் தொடக்க நிலைக்கு வந்துவிட்டன. இப்போது இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடினால், ஒரே தேக்கத்திலிருந்து 100 யூலை எடுத்து முழுவதையும் வேலையாக்கும் பொறி ஒன்று நம் கையில் இருக்கிறது. கெல்வின் கூற்று சொல்லுக்குச் சொல் மீறப்படுகிறது. முழுச் சுற்றுகளில் எண்கள் பொருந்தாதபோது எஞ்சினின் அளவைத் தேவைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். கொதிகலனின் மாற்றத்தைப் பூச்சியமாக்கினாலும் வாதம் நிற்கும். அப்போது கடல் ஒன்றிலிருந்து மட்டும் வேலை கிடைக்கும். இரண்டு தேக்கங்களில் ஒன்றாவது கணக்கிலிருந்து முழுவதும் நீங்க வேண்டும் என்பதே நிபந்தனை.

எதிர்த்திசையில் வேறு வகைத் தவறு. கெல்வின் கூற்றை மீறும் பொறி கொதிகலனிலிருந்து 50 யூலை எடுத்து 50 யூல் வேலையாக்குகிறது. அந்த வேலையால் ஓடும் சாதாரணக் குளிரேற்றி கடலிலிருந்து 40 யூலை எடுத்துக் கொதிகலனுக்கு 90 யூலைக் கொடுக்கிறது. இங்கே பலர் “90 யூல் வெப்பம் கடலிலிருந்து கொதிகலனுக்குச் சென்றது” என்று எழுதுகிறார்கள். கொதிகலன் முதலில் 50 யூலை இழந்திருக்கிறது என்பதால் அதன் நிகர வரவு 40 யூல் மட்டுமே. கடல் இழந்ததும் அதே 40 யூல். இந்தச் சமன்பாடுதான் “வேறு விளைவு எதுவும் இல்லை” என்பதற்கான சாட்சி. வேலையும் பொறிகளுக்குள்ளேயே முடிந்துபோய், வெளியே எதுவும் மிஞ்சவில்லை. 90 என்று எழுதினால் சக்திக் காப்பே சரிந்துவிடும். தேக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரவு செலவு எழுதுவோர் இங்கே தவறுவதே இல்லை.

குளிரேற்றியின் எண்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 50 யூல் வேலைக்குக் கடலிலிருந்து 100 யூலை எடுக்கும் குளிரேற்றி என்று எழுதினால், அது 500, 300 கெல்வின்களுக்கு இடையே இயற்கை அனுமதிக்கும் எல்லையை, அதாவது 1.5 மடங்கை, மீறிய பொறி. அப்படியானால் முரண்பாட்டை உண்டாக்கியது கெல்வினை மீறிய பொறியா, “சாதாரணம்” என்று நாம் பெயர் சூட்டிய குளிரேற்றியா என்று சொல்ல வழியில்லை. நிறுவலுக்கு வேண்டியது உண்மையில் இயங்கும் பொறியொன்று இருக்கிறது என்பது மட்டுமே. அது மீள்தகு பொறியாக இருக்க வேண்டியதில்லை. உராய்வும் கசிவும் உள்ள பழைய குளிரேற்றியே போதும். “மீள்தகு எஞ்சினை இணைக்க” என்று எழுதுவது பிழையன்று, ஆனால் தேவையற்றது. கார்னோ தேற்றத்தின் நிறுவலோடு இதைக் குழப்பிக்கொண்டதையே பல நேரங்களில் அது காட்டுகிறது.

இந்தத் திசைக்குக் குளிரேற்றிகூடத் தேவையில்லை என்பதை யாரும் எழுதிக் காண்பதில்லை என்பது எனக்கு வருத்தம். கொழும்புத் துறைமுகத்துக் கப்பலொன்று கடல்நீரின் வெப்பத்தை மட்டும் கொண்டு 50 யூல் வேலை பெற்றதாகக் கொள்வோம். அந்த வேலையால் கொதிகலனின் சூடான நீரில் ஒரு துடுப்பைச் சுழற்றினால் போதும். உராய்வால் 50 யூலும் கொதிகலனைச் சேரும். கடல் 50 யூலை இழந்தது, கொதிகலன் 50 யூலைப் பெற்றது, வேறெதுவும் மாறவில்லை. கிளௌசியஸ் கூற்று மீறப்பட்டது. இந்த வடிவம் நிறுவல் எந்த ஊகத்தில் தங்கியிருக்கிறது என்பதையும் வெளிப்படையாகக் காட்டுகிறது: வேலையை எந்தத் தேக்கத்திலும் முழுவதும் வெப்பமாகக் கரைக்கலாம் என்பதே அந்த ஊகம்.

அந்த ஊகம் எப்போதும் மெய்யன்று. 1951 இல் பர்செலும் பவுண்டும் லிதியம் புளோரைட்டுப் பளிங்கில் உள்ள அணுக்கருச் சுழல்களை எதிர்மறைத் தனிவெப்பநிலைக்குக் கொண்டுவந்தனர். இத்தகைய தொகுதி நேர் வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளையும்விடச் சூடானது. அதனுடன் தொட வைத்தால் வெப்பம் அதிலிருந்தே வெளியேறும். அதன் சக்திக்கு மேல்வரம்பு இருப்பதால், சக்தி கூடக்கூட அதன் ஒழுங்கின்மை குறைகிறது. 1956 இல் ராம்சே காட்டியபடி, எதிர்மறை வெப்பநிலைத் தேக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்து முழுவதையும் சுற்று முறையில் வேலையாக மாற்றுவதற்குத் தடையில்லை. வேலையை அத்தேக்கத்தில் முழுவதும் வெப்பமாகக் கரைப்பதே அங்கே முடியாதது. கிளௌசியஸ் கூற்று அங்கேயும் நிற்கிறது. கெல்வின் கூற்றுக்குத் திருத்தம் வேண்டும். மேலே சொன்ன துடுப்பு வாதத்தை அங்கே எழுதினால், கடலின் இடத்தில் ஓர் எதிர்மறைத் தேக்கமும் கொதிகலனின் இடத்தில் அதைவிடச் சூடான மற்றோர் எதிர்மறைத் தேக்கமும் இருக்கும். முதலாவதிலிருந்து வேலை பெறும் படி தடையின்றி நடக்கும். துடுப்பைச் சுழற்றி அந்த வேலையை இரண்டாவதில் வெப்பமாக்கும் படி நடக்காது. ஆகவே இவ்விரு கூற்றுகளும் சமவலுவானவை என்று எழுதும் விடையில், தேக்கங்கள் இரண்டும் நேர் தனிவெப்பநிலையில் உள்ளவை என்ற வரி முதலிலேயே இடம்பெற வேண்டும்.