முதல் மெயிலில் எல்லாம் இருந்தது, ஆர்டர் எண் மட்டும் இல்லை

புது மிக்ஸி வந்த ஆறாம் நாளே பெரிய ஜாரின் அடி வழியாகச் சட்னி கசிந்து மோட்டார் மேல் வழிந்தது. அன்று ராத்திரியே கஸ்டமர் கேருக்கு ஒரு பக்கத்துக்கு மெயில் தட்டினேன். விருந்தாளி வந்தது, அம்மா திட்டியது எல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாள் கழித்து "விவரம் அனுப்பவும்" என்று ஒரு வரி பதில்.

திருத்தி எழுதினேன். சப்ஜெக்ட்டில் பொருள், குறை, ஆர்டர் எண். முதல் பத்தி இவ்வளவுதான்:

"மார்ச் 3 அன்று டெலிவரியான மிக்ஸியின் 1.5 லிட்டர் ஜார், மார்ச் 9 முதல் பிளேடுக்கு அடியில் கசிகிறது. பாதி ஜார் தண்ணீருக்கே கசிகிறது. வாஷரைக் கழற்றி மாட்டியும் நிற்கவில்லை."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லையென்றால் "வாஷரைச் சரிபார்க்கவும்" என்று இன்னொரு பதில் வந்திருக்கும்.

இணைப்பு மூன்று: பில், மிக்ஸி அடியிலுள்ள சீரியல் எண் ஸ்டிக்கரின் போட்டோ, 15 விநாடி வீடியோ. தண்ணீர் ஊற்றிய ஜாரைக் காய்ந்த செய்தித்தாள் மேல் வைத்து எடுத்தேன்; ஈரம் பரவுவது பளிச்சென்று தெரிந்தது.

முன்பு "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருந்தேன். படிப்பவர் அதை வைத்து என்னதான் செய்வார்? இந்த முறை: "ஜாரை மட்டும் மாற்றித் தந்தால் போதும். ஸ்டாக் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். மார்ச் 18-க்குள் பதில் தேவை."

நான்காம் நாள் புது ஜார் வந்தது. பழையதை அவர்கள் திருப்பிக் கேட்கவேயில்லை.