யூடியூப்பில் பாட வீடியோக்கள் காணாமல் போனால்

ஹட்டனில் என் தங்கை ஓ/எல் கணித வீடியோக்கள் பார்க்கும் ஃபோனில், விடுமுறைக்கு வந்த அக்காவின் மகன் இரண்டு நாள் கார்ட்டூன் பார்த்தான். அப்புறம் யூடியூப்பைத் திறந்தால் முகப்பு முழுக்கக் கார்ட்டூன்தான்!

தங்கை உடனே யூடியூப்பின் பார்வை வரலாற்றை, அதாவது பார்த்த வீடியோக்களின் பதிவை, நிறுத்தி வைத்தாள். ஒன்றும் மாறவில்லை. நிறுத்தினால் இனிப் பார்ப்பதுதான் பதிவாகாது. ஏற்கெனவே பதிவானது பரிந்துரைகளை இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தமாக அழிக்கவும் வேண்டாம், பாட வீடியோக்களின் தடமும் போய்விடும். Settings-இல் Manage all history-க்குப் போய், அந்த இரண்டு நாள் கார்ட்டூன்களை மட்டும் நீக்கினோம். பையன் Like போட்டவற்றையும் எடுத்துவிட்டோம், அதுவும் பரிந்துரைகளுக்கு ஒரு குறிப்புதான். பிறகு வரலாற்றை மறக்காமல் திரும்ப இயக்கினோம்.

அடுத்த முறை பிள்ளையிடம் ஃபோனைக் கொடுக்கும் முன், பார்ப்பது வரலாற்றில் பதிவாகாத Incognito-வைப் போட்டுவிடுங்கள். பாடங்களை ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள். முகப்பு எப்படி மாறினாலும் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கும்.