"காசு எப்ப வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள்: கணக்குப் பிரிவுக்கு எழுதும்போது நேரும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனங்களுக்கு மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு வேலை செய்து கொடுப்பவர்களின் நினைவூட்டல் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "போன மாத பில் இன்னும் வரவில்லை, தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்." எழுதியவருக்கு அது எந்த பில் என்று தெரியும். வாசிப்பவருக்குத் தெரியாது. கணக்குப் பிரிவில் இருப்பவர் விநியோகத்தரின் பதிவுப் பெயரையோ இன்வொய்ஸ் இலக்கத்தையோ கணினியில் தட்டித்தான் தேட முடியும். இரண்டும் இல்லாத மடலைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, தேடுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இன்வொய்ஸில் INV-2025-031 என்று இருந்தால் மடலிலும் அப்படியே எழுதுங்கள். "31ஆம் பில்" என்று எழுதினால் தேடலில் அகப்படாது. பெயரும் அப்படித்தான். வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரிலும் மின்னஞ்சல் கடைப் பெயரிலும் இருந்தால், அவர்களிடம் பதிவான பெயர் எதுவோ அதையே எழுத வேண்டும். இலக்கங்களை மடலிலேயே தட்டச்சுச் செய்யுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் இருக்கும் இலக்கத்தை எளிதில் பிரதி செய்து தேட முடியாது.

நிலையைக் கேளுங்கள், திகதியை மட்டும் கேட்காதீர்கள்

"எப்போது தருவீர்கள்?" என்ற கேள்விக்கு "பிரொசெஸ் ஆகிக்கொண்டிருக்கிறது" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. இன்வொய்ஸ் ஒன்று நான்கு படிகளைக் கடக்கிறது. முதலில் அது கணக்குப் பிரிவின் பதிவில் ஏற வேண்டும். பிறகு கொள்வனவுக் கட்டளையோடும், வேலையை ஏற்றுக்கொண்டதாக உரிய பிரிவு தந்த உறுதிப்படுத்தலோடும் அது ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதாக, அதிகாரமுள்ளவர் ஒப்புதல் தர வேண்டும். கடைசியில் அது பேமென்ட் ரன்னில், அதாவது நிறுவனம் குறித்த நாளில் எல்லாருக்கும் சேர்த்துக் காசு அனுப்பும் சுற்றில், இடம்பெற வேண்டும். பல நிறுவனங்கள் இதைக் கிழமைக்கு ஒரு தடவைதான் செய்கின்றன.

எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரைப் பிடிப்பது என்று தெரியும். பதிவிலேயே இல்லை என்றால் மீண்டும் அனுப்ப வேண்டும். உறுதிப்படுத்தல் இல்லை என்றால் கணக்குப் பிரிவை எத்தனை தடவை கேட்டும் பயனில்லை. உங்களுக்கு வேலை தந்த பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்து வைக்க வேண்டும், அவரிடம்தான் கதைக்க வேண்டும். தாமதங்கள் பல இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன. ஆனால் மடல்கள் கணக்குப் பிரிவுக்குத்தான் போகின்றன.

தவணையை எண்ணுவதிலும் பிழை விடுகிறார்கள். "30 நாள்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த நாளில் இருந்து 30 என்று பாருங்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதியிட்ட இன்வொய்ஸ் 11ஆம் திகதிதான் அவர்களின் கையில் கிடைத்தது என்று வையுங்கள். இன்வொய்ஸ் திகதியில் இருந்து எண்ணினால் தவணை செப்டம்பர் 4. கிடைத்த நாளில் இருந்து எண்ணினால் செப்டம்பர் 10. மாத முடிவில் இருந்து எண்ணினால் செப்டம்பர் 30. முதல் கணக்கை மனதில் வைத்துச் செப்டம்பர் 5 அன்று கோபமாக மடல் எழுதினால், மூன்றாவது கணக்கை வைத்திருப்பவருக்கு உங்கள் மடல் நியாயமற்றதாகப் படும். தவணைக்கு ஒரு கிழமை முன்னரே "ஒப்புதல் கிடைத்துவிட்டதா?" என்று கேட்பதுதான் சரியான நேரம். ஏதாவது குறை இருந்தால் திருத்த அவகாசம் கிடைக்கும்.

வந்த தொகையை ஊகித்துப் பிரிப்பது

இதுதான் மிகவும் செலவு வைக்கும் பிழை. கணக்கில் காசு விழுந்ததும் பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். எந்த இன்வொய்ஸுக்கு எவ்வளவு, எதைக் கழித்தார்கள் என்று சொல்லும் ரெமிட்டன்ஸ் அட்வைஸைக் கேட்டு வாங்குவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் தனியாளாக மென்பொருள் வேலை செய்யும் ஒருவர் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு இன்வொய்ஸ் அனுப்பியிருக்கிறார். INV-2025-031 ரூபா 180,000. INV-2025-032 ரூபா 145,000. இரண்டும் சேர்ந்து 325,000. முதலாவதுக்கு உறுதிப்படுத்தல் தாமதித்ததால் இரண்டும் ஒரே சுற்றில் சேர்ந்துவிட்டன. செப்டம்பர் 26 அன்று வங்கியில் விழுந்தது ரூபா 285,000. 40,000 குறைகிறது.

அவர் என்ன செய்வார்? 031ஐ முழுதாகத் தீர்ந்தது என்று குறித்து, மீதி 105,000ஐ 032இல் போட்டு, 032இல் 40,000 பாக்கி என்று மடல் எழுதுவார். கணக்குப் பிரிவு 032ஐத் திறந்து பார்க்கும். அது முழுமையாகத் தீர்ந்திருக்கும். "எங்கள் பக்கம் பாக்கி இல்லை" என்று பதில் வரும். இரு பக்கமும் சரியாகவே எழுதுகிறார்கள், ஆனால் இருவரும் பார்ப்பது வேறு வேறு கணக்கு.

உண்மையில் நடந்தது இது. இலங்கையில் மென்பொருளாளர், பொறியியலாளர், கணக்காளர் போன்ற சுயாதீன சேவை வழங்குநரான தனியாளுக்கு மாதம் ரூபா 100,000ஐ விடக் கூடிய சேவைக் கட்டணம் கொடுக்கும்போது, 5 வீதத்தைப் பிடித்துவைத்தல் வரியாகக் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 325,000இல் 5 வீதம் 16,250. அதைக் கழித்தால் 308,750 வந்திருக்க வேண்டும். வந்ததோ 285,000. இன்னும் 23,750 எங்கே?

வரி கழித்த பின் மிஞ்சுவது 95 வீதம். ஆகவே 23,750ஐ 0.95ஆல் வகுத்துப் பாருங்கள், 25,000 என்று முழு எண்ணாக வரும். 031இல் "தரவு மாற்றம்" என்று 25,000க்கு ஒரு உருப்படி இருந்தது. அந்த வேலையைப் பொறுப்பாளர் இன்னும் ஏற்கவில்லை, அதை நிறுத்திவைத்து மீதியைக் கொடுத்திருக்கிறார்கள். 031க்கு 155,000, 032க்கு 145,000, மொத்தம் 300,000, வரி 15,000, கைக்கு 285,000. வகுத்த விடை முழு எண்ணாக வந்து அது இன்வொய்ஸின் ஒரு உருப்படியோடு பொருந்தினால், கழிவு எங்கே நடந்தது என்று ஓரளவு பிடித்துவிடலாம். ஆனாலும் அது ஊகம்தான். அட்வைஸ் வந்த பிறகே கணக்கை மூடுங்கள்.

இப்போது கேட்க வேண்டியவை இரண்டு, அவை இரண்டு பேருக்குரியவை. 25,000 பற்றிப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். 15,000க்கான பிடித்துவைத்தல் வரிச் சான்றிதழைக் கணக்குப் பிரிவிடம் கேட்க வேண்டும். அந்த 15,000 தொலைந்த காசல்ல. சான்றிதழ் கையில் இருந்தால் உங்கள் வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. அப்போது போய் பன்னிரண்டு மாதச் சான்றிதழ்களை ஒன்றாகக் கேட்பதைவிட, ஒவ்வொரு கொடுப்பனவோடும் கேட்டு வாங்குவது இரு பக்கத்துக்கும் இலகு.

எனவே கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்ததும் இப்படி எழுதலாம். கொழும்புக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதேதான்:

> தலைப்பு: INV-2025-031, INV-2025-032 – கொடுப்பனவு விபரம் தேவை
>
> வணக்கம் ஐயா,
> செப்டம்பர் 26 அன்று எங்கள் கணக்கில் ரூபா 285,000 வரவாகியுள்ளது. மேற்படி இரண்டு இன்வொய்ஸ்களின் கூட்டுத்தொகை ரூபா 325,000. தயவுசெய்து பின்வருவனவற்றை அனுப்பி உதவவும்:
> ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் செலுத்திய தொகை, கழித்த தொகையும் காரணமும், அனுப்பிய திகதி, வங்கிப் பரிமாற்ற இலக்கம், பிடித்துவைத்தல் வரிச் சான்றிதழ்.
> நன்றி.

குறைவாக வந்தது பற்றிய முறைப்பாடு அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே அவருக்கு விளங்கும்.

கொடுத்துவிட்டோம் என்கிறார்கள், ஆனால் வங்கியில் இல்லை என்றால், எந்த வழியில் அனுப்பினார்கள் என்று முதலில் கேளுங்கள். செஃப்ட்ஸ் என்றால் உடனடியாகவே விழும். ஸ்லிப்ஸ் தொகுதியாகப் போகும். காசோலை என்றால் தபாலில் இருக்கலாம். கணக்கு இலக்கம் பிழையாக இருந்தால் காசு அவர்களின் கணக்குக்கே திரும்பியிருக்கலாம், அதைக் கணக்குப் பிரிவு கவனிக்காமலும் இருக்கலாம். ஆகவே "திரும்பி வந்ததா என்று பார்க்க முடியுமா?" என்று ஒரு வரி சேருங்கள். லண்டன், ரொறன்ரோ வாடிக்கையாளர் என்றால், அவர்களின் வங்கி அனுப்பிய ஸ்விஃப்ட் கொடுப்பனவுச் செய்தியின் பிரதியைக் கேளுங்கள், முன்பு இதை எம்.டி.103 என்பார்கள். அதில் யு.இ.டி.ஆர். எனும் 36 எழுத்து நீள இலக்கம் இருக்கும். அதை உங்கள் வங்கிக் கிளையில் கொடுத்தால் காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். இடைவங்கிக் கட்டணம் யார் தலையில் விழுந்தது என்பதும் அந்தப் பிரதியிலேயே இருக்கும்.

நினைவூட்டலோடு புதிய கணக்கு இலக்கம் அனுப்புவது

நிலுவை கேட்கும் மடலிலேயே "இனி இந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்று எழுதுவது, காசை நீங்களே நிறுத்தி வைப்பதற்குச் சமம். மின்னஞ்சலைக் களவாடி மோசடி செய்பவர்கள் செய்வதும் அச்சொட்டாக இதையேதான். கவனமான கணக்குப் பிரிவு அந்த நொடியே கொடுப்பனவை நிறுத்தி, பழைய பதிவில் உள்ள தொலைபேசிக்கு அழைத்து உறுதிப்படுத்தும். கணக்கு மாறினால் அதை நிலுவை இல்லாத வேளையில், தனி மடலில், வங்கியின் உறுதிக் கடிதத்தோடு அறிவியுங்கள். நிலுவை மடலில் "பதிவில் உள்ள கணக்கு, கடைசி நான்கு இலக்கம் 4417" என்ற அளவுக்கு எழுதினால் போதும்.

இன்வொய்ஸை மீண்டும் அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். இலக்கத்தை மாற்றாதீர்கள், திகதியை மாற்றாதீர்கள், "பிரதி" என்று மேலே எழுதுங்கள். 031ஐ 031-A என்று மாற்றி அனுப்பினால் கணினி அதைப் புதிய இன்வொய்ஸாகவே எடுத்துக்கொள்ளும். பின்னர் இரட்டைப் பதிவு என்று யாராவது கண்டுபிடித்தால், எது உண்மையானது என்று தெளிவாகும்வரை இரண்டையும் நிறுத்திவைப்பார்கள்.