5G வேகம் திடீரென விழுந்தால் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்

அமெரிக்க நகரங்களில் வெரைசன் சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. திரையில் 5G UW என்று வந்தாலே அது மில்லிமீட்டர் அலை, அதாவது மிக வேகமான ஆனால் எளிதில் தடைபடும் 5G என்று நினைக்க வேண்டாம். அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் வரும் சி-பேண்டுக்கும் அதே அடையாளம்தான். ஐபோனில் `*3001#12345#*` டயல் செய்தால் வரும் திரையில் n260 அல்லது n261 என்ற அலைவரிசை எண் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மில்லிமீட்டர் அலைதான்.

n261 என்பது 28 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் தடையைச் சுற்றி வளைந்து வராது. குறுக்கே ஓர் ஆள் நின்றாலே சிக்னல் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறையலாம். அந்த ஆள் பெரும்பாலும் நீங்களேதான்!

அதனால் முதலில் விளக்குக் கம்பத்தின் உச்சியில் சின்னப் பெட்டி போன்ற ஸ்மால் செல், அதாவது 5G அனுப்பும் குட்டி டவர் எங்கே என்று பாருங்கள். அதற்கு முதுகு காட்டி ஒரு ஸ்பீட் டெஸ்ட், முகம் காட்டி இன்னொன்று. வித்தியாசம் பெரிதாக இருந்தால் தடுத்தது உங்கள் உடம்புதான். ஐபோன் 12 போன்ற அமெரிக்க மாடல்களில் வலது விளிம்பில் நீள்வட்டத் தடம் ஒன்று இருக்கும். அது ஆன்டெனாவின் ஜன்னல், விரலால் மூடாதீர்கள்.

கட்டடத்துக்குள் போனால் கதை வேறு. கான்கிரீட் சுவரைத் தாண்டி வராது. சாதாரணக் கண்ணாடி பரவாயில்லை. வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் ஜன்னலோரம் நின்றாலும் பெரிய பலன் இருக்காது. ஒரு செல்லின் வீச்சே சில நூறு மீட்டர்தான். ஒன்று மறைந்தால் இன்னொன்று தெரியட்டும் என்றுதான் அவற்றை நெருக்கமாக வைக்கிறார்கள். தெருமுனையில் நின்றால் இரண்டு தெருக்களின் கம்பங்களும் கண்ணில் படும். பெரிய டவுன்லோடை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.