பள்ளி ஆலோசகருக்கு ஒரு கடிதம்: பிள்ளைக்காக நேரம் கேட்டு எழுதும் முறை

வளர்ந்த பிள்ளை ஒன்று சரியாகத் தூங்காமல், பள்ளிக்குச் சரியாகப் போகாமல், கேட்டால் எரிந்து விழும்போது, பள்ளியில் ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குப் பெற்றோர் தரும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “என் மகன் சரியாகப் படிப்பதில்லை, தயவுசெய்து அறிவுரை கூறவும்.” இதை வைத்துக்கொண்டு ஆலோசகர் எதையும் தொடங்க முடியாது. பையனும் தன்னைத் திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வாயை இறுக்கிக்கொண்டு உட்காருவான்.

தங்கச்சிமடத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பா விசைப்படகில் தொழில் பார்ப்பவர். தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடிந்து படகுகள் இறங்கிய பிறகு, ஜூலையில் இலங்கைக் கடற்படை பிடித்து, 38 நாள் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்துவிட்டு வந்தார். படகு அங்கேயே நின்றுவிட்டதால் இப்போது வேறு படகில் போகிறார். அம்மா நண்டு கம்பெனியில் வேலை செய்கிறார். மகன் 11ஆம் வகுப்பு. செப்டம்பரிலிருந்து அடிக்கடி தலைவலி என்று படுத்துக்கொள்கிறான், பள்ளிக்குப் போவதில்லை. இந்த அம்மா எப்படி எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் நாள்காட்டி, பிறகுதான் பேனா

இரண்டு வாரம் சுவரில் தொங்கும் மாத நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மூன்று விஷயம் போதும்: இரவு எத்தனை மணிக்குப் படுத்தான், பள்ளிக்குப் போனானா, சாப்பிட்டானா. “தூ 2.30, ப இல்லை, சா பாதி” என்று கட்டத்துக்குள் மூன்று குறி போட்டால் போதும். பழைய விடுப்பு நாட்களை வகுப்பாசிரியரிடம் கேட்டு அதே நாள்காட்டியில் ஏற்றுங்கள். பிள்ளை கண்ணில் படுகிற இடமாக இருந்தால் தனித்தாளில் எழுதி வையுங்கள். கண்காணிக்கிறார்கள் என்று தோன்றினால் அவன் இன்னும் ஒதுங்கிவிடுவான்.

இந்தப் பையனுக்கு அப்படிக் குறித்தபோது ஆறு வாரத்தில் எட்டு நாள் விடுப்பு. அதில் ஏழு நாள் செவ்வாய் அல்லது வியாழன். அப்பாவின் படகு டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மறுநாள் விடியற்காலையில்தான் கரை திரும்பும். அந்த மூன்று இரவும் பையன் வெகுநேரம் தூங்கவில்லை. ஞாயிறு விடுமுறை என்பதால் சனி இரவுக் கதை மட்டும் பள்ளி வருகைப் பதிவில் தெரியவில்லை.

இதை அம்மா முன்பே கவனிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் “அடிக்கடி தலைவலி”. ஆலோசகருக்கோ “செவ்வாயும் வியாழனும்” என்ற இரண்டு சொல்லே போதும். சோம்பலா, தேர்வு பயமா, பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா என்று மூன்று அமர்வில் துழாவ வேண்டியதை முதல் அமர்விலேயே தொட்டுவிடலாம்.

பிள்ளையிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள்

தெரியாமல் எழுதித் தந்து, வகுப்பில் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காரியம் அங்கேயே கெட்டுவிடும். நம் பக்கத்தில் மனசு என்று பேச்செடுத்தாலே ஏர்வாடி பெயரைச் சொல்லிக் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கும் அது காதில் விழுந்திருக்கும். அதனால் “உனக்கு ஏதோ ஆகிவிட்டது” என்று ஆரம்பிக்க வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்: “அப்பா கடலுக்குப் போற ராத்திரியெல்லாம் நீ முழிச்சே கெடக்குறப்பா. எனக்குச் சொல்லத் தெரியல. பள்ளிக்கூடத்துல கேக்க ஒருத்தர் இருக்காங்க, ஒரு தடவ பேசிப் பாக்குறியா?”

வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். சரி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: “கடுதாசில எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?” அப்பா சிறையில் இருந்ததை எழுத வேண்டாம் என்று அவன் சொன்னால், “குடும்பத்தில் ஜூலையில் ஒரு சம்பவம்” என்று மட்டும் எழுதுங்கள். மிச்சத்தை அவனே சொல்லட்டும்.

இரண்டு தாள், ஒரு உறை

வகுப்பாசிரியரிடம் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். ஆலோசகர் பள்ளியிலேயே இருக்கிறாரா, குறிப்பிட்ட நாளில் வந்துபோகிறவரா, அல்லது ஆசிரியர் ஒருவர்தான் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறாரா? எந்த நாளில் பார்க்கலாம்? கடிதம் யார் கையில் போகும்?

பெரும்பாலும் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். அப்படியென்றால் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணில் படும். அவர்களில் ஒருவர் உங்கள் தெருக்காரராகவும் இருக்கலாம். எனவே தலைமையாசிரியருக்கு நான்கு வரி, விவரம் இல்லாமல்:

“என் மகன் (பெயர்), 11ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. அவன் பள்ளி ஆலோசகரைத் தனியாகச் சந்திக்க ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விவரம் ஆலோசகருக்கான உறையில் உள்ளது. அதைப் பிரிக்காமல் அவரிடம் சேர்க்க வேண்டுகிறேன்.”

முழுக் கடிதம் ஒட்டிய உறைக்குள். உறைமேல் “பள்ளி ஆலோசகர் அவர்களுக்கு” என்று மட்டும் இருக்கட்டும். கவுன்சிலர் என்று எழுதினால் வார்டு உறுப்பினரைத்தான் நினைப்பார்கள். இரண்டு தாளையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தயக்கமாக இருந்தால் இன்னொருவரை வைத்து எழுதலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் அக்காவையோ தம்பியையோ எழுதச் சொல்ல வேண்டாம். வீட்டில் அடுத்த சண்டையில் அதுதான் முதலில் வெளியே வரும்.

கடிதம்

ஒரு பக்கம் போதும். பார்த்தது, எப்போதிலிருந்து, எத்தனை முறை, என்ன கேட்கிறோம், எப்போது பேசலாம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் படிப்பவருக்கு எளிது.

> பெறுநர்: பள்ளி ஆலோசகர் அவர்கள்
>
> பொருள்: மகனுக்கு ஆலோசனை நேரம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,
>
> வணக்கம். என் மகன் (பெயர்) 11ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறான். வயது 16. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அவனிடம் சில மாற்றங்களைப் பார்க்கிறேன்.
>
> கடந்த ஆறு வாரத்தில் எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஏழு நாள் செவ்வாய் அல்லது வியாழன். அவன் அப்பா திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார். அந்த இரவுகளில் மகன் இரண்டு, மூன்று மணி வரை விழித்திருக்கிறான். காலையில் தலைவலி என்கிறான். மற்ற நாட்களில் பதினோரு மணிக்குத் தூங்கிவிடுகிறான். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. மாலையில் பந்து விளையாடப் போவதை நிறுத்திவிட்டான்.
>
> ஜூலையில் பிடிபட்ட அவன் அப்பா 38 நாள் இலங்கையில் சிறையில் இருந்து திரும்பினார். இதை எழுத மகன் சம்மதித்தான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது என் எண்ணம் மட்டுமே.
>
> நீங்கள் அவனோடு தனியாக ஒருமுறை பேச வேண்டும். அவனுக்குச் சம்மதம். வகுப்பில் எல்லார் முன்னும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வேதியியல் செய்முறை வகுப்பு இல்லாத நேரமாக இருந்தால் நல்லது.
>
> என்னிடம் பேச மாலை 5 மணிக்கு மேல் அழையுங்கள். பகலில் நண்டு கம்பெனியில் கைபேசி எடுக்க முடியாது. அவன் அப்பா கடலில் இருக்கும்போது அழைப்பு போகாது.
>
> இப்படிக்கு,
> (தாயின் பெயர், கையொப்பம், கைபேசி எண்)
> இடம்: தங்கச்சிமடம்
> நாள்:

அலுவலகத் தாளில் இல்லாத எதையும் “பொருள்” வரியில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். உறை தவறிப் பிரிந்தாலும் முதல் பார்வையில் எதுவும் தெரியக் கூடாது.

“மன அழுத்த நோய் வந்துவிட்டது” என்றும் இதில் இல்லை. நோயின் பெயரை நாம் எழுதினால், கேட்பவர் அந்தப் பெயரைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார். இரவு இரண்டு மணி விழிப்பு பின்னால் போய்விடும். அதேபோல “பிடிவாதம்”, “திமிர்”, “போனே கதி” என்பவை நம் கோபத்தைச் சொல்கின்றனவே தவிர பிள்ளையைப் பற்றிச் சொல்வதில்லை. “இரவு 12 முதல் 2 வரை கைபேசியில் வானிலைச் செய்தி பார்க்கிறான்” என்று எழுதினால் அது செய்தி. “நன்றாகப் படிக்க வையுங்கள்” என்று கடைசியில் சேர்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். ஆலோசகர் கடிதத்தைப் பையனிடமே வாசித்துக் காட்டக்கூடும். அப்போது அவன் முகம் சுருங்காத கடிதமாக இருக்க வேண்டும்.

கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

செத்துப்போய்விடலாம் என்று பேசினால், கையைக் கிழித்துக்கொண்டிருந்தால், தன் பொருட்களை யாருக்காவது கொடுத்து விடைபெறுவதுபோல் நடந்தால், உறையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே பிள்ளையோடு ஒருவர் கூடவே இருங்கள். மருந்து, பூச்சிமருந்து, கயிறு கைக்கெட்டாமல் எடுத்து வையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் கிடைக்கும், தமிழில் பேசலாம். ஆபத்து கையோடு இருந்தால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கொடுத்த பிறகு

ஐந்து பள்ளி நாளில் பதில் வரவில்லை என்றால், ஆலோசகர் வரும் நாளில் நேரில் போய், கைபேசியில் உள்ள படத்தைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் உறை மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

அமர்வு நடந்த பின் ஆலோசகர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். அவன் பேசுவதே அந்த நம்பிக்கையில்தான். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் சொல்வார். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதை உங்களுக்காகவும் மறைக்க முடியாது. மற்றதில் “நான் வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?” என்று கேளுங்கள், அதற்குப் பதில் கிடைக்கும். இந்த வீட்டுக்கு வரக்கூடிய பதில் சின்னதாகவே இருக்கலாம்: படகு கரை சேர்ந்ததும் அப்பாவே மகனுக்கு ஒருமுறை போன் செய்வது.

பையன் வீட்டுக்கு வந்ததும் “என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?” என்று வாசலிலேயே பிடிக்க வேண்டாம். சாப்பாடு போடுங்கள். நாள்காட்டியில் குறிப்பதை இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள். புதன் இரவு 2.30 என்றிருந்தது 12.30 ஆகியிருந்தால் அதுவும் தெரியும், ஆகாவிட்டால் அதுவும் தெரியும். அடுத்த முறை ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையே எடுத்துப் போங்கள்.