ஷேக் டேபிள் சோதனை: அடித்தளத்தை ஒப்பிடும்போது தவறுவது எங்கே?

நிலநடுக்கம் போல் மேசையை ஆட்டிப் பார்க்கும் சிவில் மாணவர்களின் ஷேக் டேபிள் புராஜெக்ட்டில் வழக்கமாக இரண்டு மாடல்கள் இருக்கும். ஒன்று பலகையோடு நேரடியாக போல்ட் போட்டது, மற்றொன்று அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தது. இரண்டையும் ஆட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. குற்றம், கட்டடத்தை நிலத்தின் ஆட்டத்திலிருந்து பிரிக்கும் பேஸ் ஐசொலேஷன் மீது இல்லை, ரப்பர் மீதுதான்.

ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ அகலம், 1 மி.மீ தடிமன், 200 மி.மீ உயரம் கொண்ட நான்கு ஸ்டீல் பட்டைகள்தான் தூண்கள். மேல்தளத்தின் எடை 2 கிலோ. தூண்களின் விறைப்பு மொத்தம் சுமார் 2500 N/m, இயல் அதிர்வெண் ஏறக்குறைய 5.6 ஹெர்ட்ஸ். இதன் கீழே 1.5 கிலோ அடித்தட்டும், 20 × 20 × 10 மி.மீ அளவில் நான்கு ரப்பர் துண்டுகளும் வைக்கிறோம். சாதாரண ரப்பராக இருந்தால் நான்கும் சேர்ந்து சுமார் 96,000 N/m விறைப்பு தரும். மூன்றரை கிலோவைத் தாங்கும் அந்த அடுக்கின் அதிர்வெண் 26 ஹெர்ட்ஸ் வருகிறது. கட்டடத்தைவிட அடித்தளம் பல மடங்கு விறைப்பு! போல்ட் போட்டதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை.

அடுக்கு கட்டடத்தின் 5.6க்கு வெகு கீழே, உதாரணமாக 1.8 ஹெர்ட்ஸில் ஆட வேண்டுமானால் விறைப்பு 450 N/m அளவில்தான் இருக்கலாம். அதை ரப்பரில் எட்டுவது கடினம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சைக்கிள் பேரிங் குண்டுகளை உருள விட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகளை லேசாக இழுத்து மாட்டுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் சுமார் 225 N/m இருக்க வேண்டும். 100 கிராம் தொங்கவிட்டு ஒரு அளவு, 200 கிராம் தொங்கவிட்டு ஒரு அளவு எடுத்தால் வித்தியாசம் 4.4 மி.மீ அருகே வர வேண்டும். நெருக்கிச் சுற்றிய ஸ்பிரிங்குக்குள் முன்னிழுப்பு இருக்கும், அதனால் ஒரே எடையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். கீழ்த்தட்டு மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சாய்ந்திருந்தால் மாடல் ஒரு பக்கமாகவே நகர்ந்து நிற்கும்.

இதை எந்த அதிர்வெண்ணில் ஆட்டுவது? 5 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் ஆட்டிவிட்டு ரிப்போர்ட் எழுதுவதுதான் அடுத்த தவறு. காவிரிப் படுகையில் உள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய தவறு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கமெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். எந்த அலைவுநேரக் கட்டடத்துக்கு எவ்வளவு முடுக்கம் என்று காட்டும் IS 1893:2016 நிலநடுக்க விதியின் நிறமாலையில் உச்சமட்டம் பாறைக்கு 0.40 நொடியில் முடிகிறது, மென்மண்ணுக்கு 0.67 நொடி வரை நீள்கிறது. நம் மாடல் 0.36 நொடி அலைவுநேரம் கொண்ட கட்டடத்தைக் குறிப்பதாக வைத்தால் நேரம் பாதியாகச் சுருங்குகிறது. அப்போது பாறையின் எல்லை மேசையில் 5 ஹெர்ட்ஸ், மென்மண்ணின் எல்லை 3 ஹெர்ட்ஸ்.

தணிப்பை விட்டுவிட்டு, ஸ்பிரிங் மாடலை முழுதாக ஒரே விறைப்பான கட்டியாக வைத்துக் கணக்குப் போட்டால், 5 ஹெர்ட்ஸில் போல்ட் போட்ட மாடலின் மேல்தளம் மேசையைப் போல 4.9 மடங்கு ஆடும், ஸ்பிரிங் மாடல் 0.15 மடங்குதான் ஆடும். பிரமாதமான படம் கிடைக்கும். 3 ஹெர்ட்ஸில் அதே கணக்கு 1.4க்கு 0.56 என்று இறங்கிவிடும். 2 ஹெர்ட்ஸில் நிலைமை தலைகீழ். போல்ட் போட்டது 1.15 மடங்கோடு நிற்க, ஸ்பிரிங் மாடல் நான்கு மடங்குக்கு மேல் போகப் பார்க்கும். குண்டுகளின் உராய்வு அதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். 1.8ஐ √2 ஆல் பெருக்கினால் வரும் 2.55 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஐசொலேஷன் உதவாது. 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ சிட்டியின் பழைய ஏரிப்படுகை சுமார் 2 நொடிக்கு ஒருமுறை ஆடியது, அப்படிப்பட்ட மண்ணில் நீண்ட அலைவுநேரமே ஆபத்து. ஆகவே 1 ஹெர்ட்ஸில் தொடங்கி 0.25 படிகளாக 7 வரை ஏறுங்கள்.

மேலே ஏறும்போது மேல்தள முடுக்கத்தை மேசை முடுக்கத்தால் வகுத்தே ஒப்பிட வேண்டும். 5 மி.மீ வீச்சு மாறாத கிராங்க் மேசை 2 ஹெர்ட்ஸில் 0.08 g தரும், 6 ஹெர்ட்ஸில் 0.72 g. ஒன்பது மடங்கு! வகுக்காமல் வரைந்த கோடு மோட்டாரின் வேகத்தைத்தான் காட்டும். (அளக்க 200 கிராம் போனை மேல்தளத்தில் வைத்தால் மேல்தள எடை பத்து சதவீதம் ஏறி, அதிர்வெண் 5.3க்கு இறங்கும். அதே எடையை மற்ற மாடலிலும் வையுங்கள்.)

பலர் கவனிக்காத ஒன்று கனெக்டிங் ராடு. கிராங்க் ஆரம் 5 மி.மீ, ராடு 20 மி.மீ என்றால் முடுக்கத்தில் கால் பங்கு அளவுக்கு இரட்டை அதிர்வெண் கலந்து வரும். மேசை 2.8 ஹெர்ட்ஸில் ஓடும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் போல்ட் போட்ட மாடல் பேயாட்டம் ஆடினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் 5.6 ஹெர்ட்ஸ் அதன் இயல் அதிர்வெண்ணைத் தொட்டுவிட்டது. ராடை 100 மி.மீ ஆக்குங்கள், கலப்பு 5 சதவீதமாகக் குறையும்.