மூவாயிரத்தில் பத்து நிமிடம்: சென்ட்ரிஃபியூஜ் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவின் சிறிய ஊர்களில் ரத்தம் எடுக்கும் மையங்கள் பலவற்றில் ஒரு மேசை சென்ட்ரிஃபியூஜ் இருக்கும். எடுத்த ரத்தத்தை அங்கேயே சுழற்றிப் பிரித்துவிட்டுத்தான் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பஸ்ஸில் அனுப்புவார்கள். எந்த வேகத்தில் சுழற்றுவது என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால், "மூவாயிரத்தில் பத்து நிமிடம் விடு தம்பி" என்று பதில் வரும். இதில் பத்து நிமிடம் எல்லா இயந்திரத்திலும் பத்து நிமிடம்தான். மூவாயிரம் அப்படியல்ல.

ரத்த அணுக்களைக் குழாயின் அடிக்குத் தள்ளுவது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. அச்சிலிருந்து குழாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்தே விசையைத் தீர்மானிக்கிறது. திருவிழாக் குடை ராட்டினத்தில் உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றுகின்றன. ஆனால் வெளியே உட்கார்ந்தவர்தான் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செய்முறைக் குறிப்பு எழுதுபவருக்கு உங்கள் இயந்திரத்தின் அளவு தெரியாது. அதனால்தான் அவர் சுற்றுகளைச் சொல்லாமல், புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு விசை வேண்டும் என்று ஜி கணக்கில் சொல்கிறார். அதைச் சுற்றுகளாக மாற்றிக்கொள்வது நம் வேலை.

```
RCF = 0.00001118 × r × RPM²
RPM = √( RCF ÷ (0.00001118 × r) )
```

இதில் `RCF` என்பது ஜி அளவு. `RPM` என்பது நிமிடத்துக்கான சுற்றுகள். `r` என்பது ஆரம், சென்டிமீட்டரில். ஆரத்தை மில்லிமீட்டரில் போட்டால் விடை பத்து மடங்கு கூடிவிடும். மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. 3,000 சுற்றில் ஆரத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 100 ஜி கிடைக்கும். இதை நினைவில் வைத்திருப்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது, இயந்திரம் விற்க வருபவர் உட்பட.

ஓர் எடுத்துக்காட்டு. கும்பகோணத்தில் உள்ள தலைமைக் கூடத்துப் பெரிய சென்ட்ரிஃபியூஜின் ஆரம் 17 செ.மீ., வலங்கைமான் கிளையில் உள்ள சிறியதன் ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 3,000 வைத்தால் கும்பகோணத்தில் சுமார் 1,710 ஜி, வலங்கைமானில் சுமார் 1,006 ஜி. சாதாரண சீரம் பிரிக்க 1,000 முதல் 1,300 ஜி வரை பொதுவாகப் போதும் என்பதால் இரு இடத்திலும் வேலை நடந்துவிடும். தவறு வெளியே தெரியாது.

வெளியே தெரிவது நீல மூடிக் குழாயில்தான். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைகளுக்கு, தட்டணுக்கள் ஏறக்குறைய முழுவதும் நீங்கிய பிளாஸ்மா வேண்டும். அதற்கு வழக்கமான அளவு 1,500 ஜி, 15 நிமிடம். வலங்கைமானில் பழக்கப்படி 3,000 வைத்தால் விசையில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். பிளாஸ்மா கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். தட்டணுக்களோ உள்ளே மிதந்துகொண்டிருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெறும் நோயாளியானால், தட்டணுக்கள் வெளியிடும் பொருள் ஹெப்பாரினை முறித்து, ஏ.பி.டி.டி. என்ற உறைதல் சோதனையின் நேரத்தைக் குறைத்துக் காட்டிவிடும். பிளாஸ்மாவைக் குளிரில் உறையவைத்து அனுப்பினால் சிக்கல் இன்னும் கூடும். உருகும்போது தட்டணுக்கள் உடைந்து சில சோதனைகளின் முடிவையே மாற்றிவிடும்.

சரியான வேகம் என்ன? வலங்கைமானின் 10 செ.மீ. ஆரத்துக்கு, 1,500-ஐ 0.0001118-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3,660. கும்பகோணத்து இயந்திரத்துக்கு அதே கணக்கு 2,810 தருகிறது.

இங்கேதான் அடுத்த தவறு நுழைகிறது. "ஆயிரம் ஜியை ஆயிரத்து ஐந்நூறாக்க வேண்டும், ஒன்றரை மடங்கு; அப்படியானால் மூவாயிரத்தையும் ஒன்றரை மடங்காக்கி 4,500 வைக்கலாம்" என்று கூசாமல் சொல்பவர்கள் உண்டு. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4,500 வைத்தால் 1,500 வராது; 2,260 ஜிக்கு மேல் போய்விடும். குழாய் அந்த விசையைத் தாங்குமா என்பதைக் குழாயைத் தயாரித்தவரின் குறிப்பில் பார்க்காமல் அங்கே போகக் கூடாது.

சிறிய இயந்திரம் 3,500-க்கு மேல் போகாது என்றால்? அதில் சுமார் 1,370 ஜிதான் கிடைக்கும். நேரத்தைக் கூட்டி ஈடுகட்டிப் பார்க்கலாம். ஆனால் பிரித்த பிளாஸ்மாவை அணு எண்ணும் கருவியில் ஓட்டி, தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே அதை வழக்கமாக்க வேண்டும். ஜெல் உள்ள குழாயில் நேரத்தைக் கூட்டும் தந்திரம் நம்பத்தக்கதல்ல. குறைந்தபட்ச விசை வந்தால்தான் ஜெல் இளகி நகரும். அது வராவிட்டால் அரை மணி நேரம் சுற்றினாலும் அணுக்களுக்கு மேலே ஜெல் தடுப்பு சரியாக அமையாது.

விசை கூடினாலும் கெடுதல் உண்டு. சிறுநீர்ப் படிவுக்குப் பரிந்துரைக்கப்படுவது 400 ஜி, 5 நிமிடம். 17 செ.மீ. ஆரத்தில் அதற்கு 1,450 சுற்று போதும். அங்கேயும் மூவாயிரத்தை வைத்தால் நான்கு மடங்குக்கு மேல் விசை விழும். நுண்ணோக்கியில் தேட வேண்டிய உருளைப் படிவங்கள் நொறுங்கிப் போயிருக்கும். அறிக்கையில் "இல்லை" என்று எழுதுவோம்.

ஆரத்தை அளப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அளக்க வேண்டியது சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து குழாயின் அடி வரை. மூடியின் அகலமோ விட்டமோ அல்ல. விட்டத்தை ஆரமாகப் போட்டுக் கணக்கிட்டால் வேண்டிய விசையில் பாதிதான் கிடைக்கும். வாளிகள் தொங்கும் வகையில், நின்றிருக்கும்போது அவை செங்குத்தாகத் தொங்கும். ஓடும்போது கிடையாக நீளும். ஆகவே ஒரு வாளியைக் கையால் கிடையாகத் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். தொங்கும் நிலையில் 10 செ.மீ. என்று அளந்து, 1,500 ஜி வேண்டும் என்று 3,660 வைத்தால், உண்மையான ஆரம் 17 என்பதால் அடியில் விழுவது 2,500 ஜிக்கும் மேல். கண்ணாடிக் குழாய் உடைந்தால் இயந்திரம் முழுக்க ரத்தம். சாய்கோண வகையில் குழாயின் வழியாக அளக்காமல், அச்சிலிருந்து குழாயின் அடிக்குக் கிடைமட்டத் தூரத்தை அளக்க வேண்டும். குழாய் இல்லாமல் வாளியின் அடி வரை அளந்திருந்தால், உள்ளே கிடக்கும் ரப்பர் மெத்தையின் உயரத்தைக் கழிக்க வேண்டும்.

புதிய இயந்திரங்களில் `RCF` பொத்தான் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கணக்கு என்று கேட்கலாம். அந்தப் பொத்தான் விசையை அளப்பதில்லை. இயந்திரத்தில் பதிவாகியிருக்கும் ரோட்டரின் ஆரத்தை எடுத்து இதே சூத்திரத்தைத்தான் போடுகிறது. ரோட்டரை மாற்றிவிட்டுத் திரையில் அதன் எண்ணை மாற்றாவிட்டால், தவறான எண்ணையே அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய இயந்திரங்களில் வேகமே சந்தேகத்துக்குரியது. திருகியில் 1, 2, 3 என்று இருப்பதை ஆயிரங்களாகப் படிப்பது வெறும் நம்பிக்கை. பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் கார்பன் பிரஷ் மோட்டாரின் வேகமும் இறங்கும். வேகம் பத்து சதவீதம் குறைந்தால் விசை பத்தொன்பது சதவீதம் குறையும். வலங்கைமானின் 3,660 என்பது 3,300-ஆகத் தளர்ந்தால் மிஞ்சுவது சுமார் 1,220 ஜிதான். மூடியில் கண்ணாடித் துவாரம் இருந்தால் ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டரால் வேகத்தைப் பார்க்கலாம். மூடியைத் திறந்து வைத்து அளக்கக் கூடாது. அந்த அளவைக் காலையில் ஒரு முறையும், மின்னழுத்தம் இறங்கும் வேளையில் ஒரு முறையும் குழாய்களுடன் எடுத்து, ஆரத்தோடு சேர்த்து இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.